ஒரு மின்சுமை காட்டிக்கொடுத்த நோய்

1949-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பசடீனா நகரில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம். ‘ப’ எழுத்தைப்போல் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த ஹீமோகுளோபின் கரைசல். கரைசலின் பி.எச். அளவு 6.9. இரு முனைகளிலும் மின்சாரத்தை இணைத்துவிட்டு ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள்.

ஆரோக்கியமானவரின் ஹீமோகுளோபின் நேர்முனையை நோக்கி நகர்ந்தது. அரிவாள் செல் சோகை உள்ளவரின் ஹீமோகுளோபின் அதற்கு நேரெதிராக, எதிர்முனையை நோக்கிப் போனது. நோய் வெளிப்படாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரின் ரத்தத்தைச் சோதித்தபோது இரண்டு வகையும் அதில் கலந்திருந்தது தெரிந்தது.

லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ, ஜான் சிங்கர், ஐபர்ட் வெல்ஸ் ஆகிய நால்வரும் அந்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட இந்த முடிவு, ஒரு நோயின் வேரை ஒரே ஒரு மூலக்கூறில் கொண்டுபோய் நிறுத்தியது. நோயாளியின் ஹீமோகுளோபினில் சில எதிர்மின்சுமைகள் குறைகின்றன என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. அவை எங்கே, எப்படிக் காணாமல் போயின என்று அப்போது யாருக்கும் தெரியாது. விடை கிடைக்க இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த விடையைப் புரிந்துகொள்ள, புரதங்களின் அடிப்படைத் துண்டான அமினோ அமிலத்திடமிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு முனைகள், இரண்டு குணங்கள்

அமினோ அமிலத்தின் நடுவில் ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதற்கு நான்கு கைகள். ஒரு கையில் ஹைட்ரஜன், இன்னொன்றில் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி, மூன்றாவதில் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதி. நான்காவது கையில் தொங்குவது பக்கச் சங்கிலி. நம் உடல் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களும் இந்தப் பக்கச் சங்கிலியில்தான் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

இவற்றில் மிக எளியது கிளைசின். அதன் பக்கச் சங்கிலி இன்னொரு ஹைட்ரஜன் அணு மட்டுமே. அதனால் அமினோ, கார்பாக்சில் ஆகிய இரு தொகுதிகளின் குணத்தையும் கிளைசினில் தெளிவாகப் பார்க்கலாம்.

இரண்டு தொகுதிகளும் புரோட்டானைப் பிடிக்கவும் விடவும் கூடியவை. புரோட்டான் என்பது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். ஒரு நேர்மின்சுமை கொண்டது. கார்பாக்சில் தொகுதி புரோட்டானை வைத்திருக்கும்போது மின்சுமை இல்லாமல் இருக்கும். அதை விட்டுவிட்டால் எதிர்மின்சுமை பெறும். அமினோ தொகுதிக்குக் கணக்கு மாறும்: புரோட்டானைப் பிடித்தால் நேர்மின்சுமை, விட்டுவிட்டால் ஒன்றுமில்லை.

புரோட்டானைப் பிடிப்பதா விடுவதா என்பது சுற்றியுள்ள கரைசலைப் பொறுத்தது. அமிலம் என்றால் அங்கே புரோட்டான்கள் மலிந்து கிடக்கின்றன என்று பொருள். பி.எச். எண் அந்த மலிவைத்தான் அளக்கிறது. எண் சிறியதாக இருந்தால் புரோட்டான் மிகுதி. பெரியதாக இருந்தால் பஞ்சம். எண் ஒன்று கூடும்போது புரோட்டானின் அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2, புளித்த தயிர் நாலரை, ரத்தம் 7.4, சோப்புத் தண்ணீர் 10-ஐ ஒட்டி.

கிளைசினைக் கடும் அமிலத்தில், அதாவது பி.எச். 1-இல் கரைத்தால் புரோட்டான்கள் நெருக்கியடிக்கின்றன. அமினோ, கார்பாக்சில் இரண்டுமே ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்கின்றன. கார்பாக்சிலுக்குச் சுமை இல்லை, அமினோவுக்கு ஒரு நேர்மின்சுமை. மொத்தத்தில் கிளைசினின் சுமை கூட்டல் ஒன்று.

இப்போது காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போவோம். பி.எச். 2.34-ஐ எட்டும்போது கரைசலில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளில் சரிபாதி புரோட்டானை விட்டிருக்கும். இந்த எண்ணை அந்தத் தொகுதியின் பாதிப்புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து பி.எச். ஒன்று கூடினால், புரோட்டானை விட்டவை பத்து என்றால் விடாதது ஒன்று. இரண்டு கூடினால் நூற்றுக்கு ஒன்று. மூன்று கூடினால் ஆயிரத்துக்கு ஒன்று. பி.எச். 6-ஐ அடைவதற்குள் கார்பாக்சில்கள் கிட்டத்தட்ட எல்லாமே எதிர்மின்சுமை பெற்றுவிடும். அமினோ தொகுதியோ இன்னும் தன் புரோட்டானை விடவில்லை. அதன் பாதிப்புள்ளி 9.60.

ஆக, பி.எச். 6-ஐ ஒட்டி ஒரே மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின்சுமை, மறு முனையில் எதிர்மின்சுமை. கூட்டிப் பார்த்தால் சுழியம். இந்த நிலைக்கு இருமுனை அயனி என்று பெயர். கிளைசினின் மொத்தச் சுமை மிகச் சரியாகச் சுழியமாகும் இடம், இரு பாதிப்புள்ளிகளுக்கும் நடுவில், பி.எச். 5.97-இல் இருக்கிறது. இதைச் சமமின்புள்ளி என்பார்கள். அந்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினாலும் கிளைசின் எந்தப் பக்கமும் நகராது. மேலும் காரம் சேர்த்து பி.எச். 11-க்குப் போனால் அமினோ தொகுதியும் புரோட்டானை விட்டுவிடும். கிளைசினின் மொத்தச் சுமை கழித்தல் ஒன்றாகிவிடும்.

ஒரே பொருள்தான். அமிலத்தில் எதிர்முனைக்குப் போகிறது, காரத்தில் நேர்முனைக்குப் போகிறது, இடையில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது.

சங்கிலி கோத்ததும் சுமை போய்விடுகிறது

அமினோ அமிலங்கள் புரதமாகக் கோக்கப்படும்போது ஒன்றின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் இணைகின்றன. இணையும் இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. மிஞ்சுவது கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பெப்டைடு பிணைப்பு. புரதங்கள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று எமில் ஃபிஷர், ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் என்ற இரு ஜெர்மன் மொழி அறிஞர்கள் 1902-இல் கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த ஒரே மாநாட்டில், ஒருவரையொருவர் சாராமல் எடுத்துரைத்தார்கள்.

பெப்டைடு பிணைப்பு உறுதியானது. உடல் வெப்பத்தில் வெறும் தண்ணீரில் விட்டால் அது தானாக அறுபட நூற்றாண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் அதை முழுக்க உடைக்க, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு 110 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுவதும் வேகவைப்பார்கள். ஆனால் நம் குடலில் உள்ள டிரிப்சின் போன்ற நொதிகள் அதே வேலையை உடல் சூட்டிலேயே, குறிப்பிட்ட இடங்களில் மட்டும், விரைவாக முடித்துவிடுகின்றன.

மின்சுமைக் கணக்கில் இந்தப் பிணைப்பால் ஒரு பெரிய மாற்றம் வருகிறது. பிணைந்த கார்பாக்சிலுக்கு இனி விடுவதற்குப் புரோட்டான் இல்லை. பிணைந்த அமினோவும் இனி சாதாரணமாகப் புரோட்டானைப் பிடிக்காது. இரண்டின் சுமைகளும் அங்கேயே தீர்ந்துபோகின்றன. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள், 145 பெப்டைடு பிணைப்புகள். தனித்தனியாக இருந்தபோது 146 அமினோ தொகுதிகளும் 146 கார்பாக்சில்களும் சுமை ஏந்தத் தயாராக இருந்தன. கோத்தபின் முதல் முனையில் ஓர் அமினோவும் கடைசி முனையில் ஒரு கார்பாக்சிலும் மட்டுமே மிச்சம்.

அப்படியானால் புரதத்துக்கு மின்சுமை எங்கிருந்து வருகிறது? பக்கச் சங்கிலிகளிலிருந்து. 20 அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றின் பக்கச் சங்கிலி சுமை ஏந்தாது. ரத்தத்தின் பி.எச். அளவில் நான்கு மட்டுமே தெளிவாகச் சுமை தாங்குகின்றன. ஆஸ்பார்டிக் அமிலமும் குளூட்டாமிக் அமிலமும் தம் பக்கச் சங்கிலியில் கூடுதலாக ஒரு கார்பாக்சிலை வைத்திருப்பதால் எதிர்மின்சுமை பெறுகின்றன. லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்சுமை பெறுகின்றன. ஐந்தாவதாக ஹிஸ்டிடின். அதன் பாதிப்புள்ளி 6-ஐ ஒட்டி இருப்பதால் ரத்தத்தின் பி.எச். அளவுக்கு அருகிலேயே அது புரோட்டானைப் பிடித்தும் விட்டும் தடுமாறுகிறது. ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளிலும் சேர்த்து 38 ஹிஸ்டிடின்கள் உள்ளன.

ஆகவே ஒரு புரதத்தின் மொத்தச் சுமை என்பது அதன் பக்கச் சங்கிலிகளின் வரவு செலவுக் கணக்கு. அதில் ஒரு குளூட்டாமிக் அமிலம் காணாமல் போய், அங்கே சுமையற்ற வேறொன்று வந்து உட்கார்ந்தால், கணக்கில் ஓர் எதிர்மின்சுமை குறையும்.

முப்பது புள்ளிகளில் ஒன்று

அந்த ஒன்றைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெர்னான் இங்கிராம். 1956-இல் அவர் கையாண்ட வழி, பெப்டைடு பிணைப்பு, மின்சுமை இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தியது.

முதலில் ஹீமோகுளோபினை டிரிப்சினால் வெட்டினார். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின் அல்லது ஆர்ஜினினுக்கு அடுத்துள்ள பெப்டைடு பிணைப்பை மட்டுமே அறுக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான துண்டுகள் கிடைத்தன. அந்தக் கலவையின் ஒரு சொட்டை ஈரமான வடிதாளின் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். துண்டுகள் அவற்றின் சுமைக்கேற்ப இடமும் வலமும் பிரிந்தன. பிறகு தாளைத் திருப்பி, அதன் ஓரத்தைக் கரைப்பானில் தோய்த்து நிறுத்தினார். கரைப்பான் தாளில் ஏறும்போது, ஒவ்வொரு துண்டும் அதில் கரையும் தன்மைக்கேற்ப மேலே நகர்ந்தது. கடைசியில் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கியதும் ஏறத்தாழ 30 புள்ளிகள் ஊதா நிறத்தில் தெரிந்தன.

ஆரோக்கியமானவரின் தாளையும் நோயாளியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளியைத் தவிர மற்றவை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது.

அது பீட்டா சங்கிலியின் முதல் எட்டு அமினோ அமிலங்களைக் கொண்ட துண்டு. அதன் வரிசை: வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லைசின். இங்கிராம் மின்சாரம் பாய்ச்சிய பி.எச். 6.4-இல் இதன் சுமையைக் கூட்டிப் பார்ப்போம்.

முன்முனை அமினோவுக்குக் கூட்டல் ஒன்று. லைசினுக்குக் கூட்டல் ஒன்று. ஹிஸ்டிடின் தன் பாதிப்புள்ளியைச் சற்றுத் தாண்டியிருப்பதால், இத்துண்டுகளில் கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே அங்கே புரோட்டானை வைத்திருக்கும். சராசரியாகக் கூட்டல் 0.3. ஆக நேர்க்கணக்கு 2.3. எதிர்ப்பக்கம் இரண்டு குளூட்டாமிக் அமிலங்களுக்கு இரண்டு, கடைசி முனைக் கார்பாக்சிலுக்கு ஒன்று; மொத்தம் 3. கழித்தால் மிஞ்சுவது கழித்தல் 0.7.

நோயாளியின் துண்டில் ஆறாவது இடத்துக் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் சுமையற்ற வேலின் இருந்தது. எதிர்க்கணக்கு 3-இலிருந்து 2-ஆகக் குறைகிறது. மொத்தச் சுமை கழித்தல் 0.7-இலிருந்து கூட்டல் 0.3-ஆக மாறுகிறது. புள்ளி இடம் பெயர்ந்ததன் காரணம் இதுதான். 1957-இல் இங்கிராம் இந்த மாற்றத்தை உறுதிசெய்தார்: குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின். 146-இல் ஒன்று.

பாலிங் குழுவினர் பார்த்ததும் இப்போது விளங்கும். முழு ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி இரண்டு. எனவே நோயாளியின் மூலக்கூறில் இரண்டு எதிர்மின்சுமைகள் குறைவு. அவர்கள் அளந்தபோது ஆரோக்கியமான ஹீமோகுளோபினின் சமமின்புள்ளி 6.87-ஆகவும், நோயாளியுடையது 7.09-ஆகவும் இருந்தன. பி.எச். 6.9 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. முதலாவது அங்கே தன் சமமின்புள்ளியைத் தாண்டி மெல்லிய எதிர்மின்சுமையுடன் இருந்தது. இரண்டாவது இன்னும் நேர்மின்சுமையுடன் இருந்தது. அதனால்தான் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தன. இரண்டு சுமை குறைந்தும் சமமின்புள்ளி வெறும் 0.22 மட்டுமே நகர்ந்ததற்கு ஹிஸ்டிடின்கள் முக்கியக் காரணம். பி.எச். கொஞ்சம் ஏறியதும் அவற்றில் சில புரோட்டான்களை விட்டு, கணக்கை விரைவில் நேர்செய்துவிடுகின்றன.

காட்டிக்கொடுப்பது ஒன்று, நோயாக்குவது இன்னொன்று

ஒரு சுமை போனதால்தான் நோய் வருகிறது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஹீமோகுளோபின்-சி என்று இன்னொரு வகை உண்டு. அதில் அதே ஆறாவது இடத்தில், குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் நேர்மின்சுமை கொண்ட லைசின் இருக்கிறது. சுமை மாற்றம் இரு மடங்கு. ஆனாலும் அந்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் எடுப்பதில்லை. தனியாக இருந்தால் பெரும்பாலும் மிதமான சோகைதான் வருகிறது.

அரிவாள் செல் சோகையில் உண்மையான தொல்லை தருவது வேலினின் பக்கச் சங்கிலி. அது எண்ணெயைப் போல் தண்ணீரை ஒதுக்கும் குணம் கொண்டது. ஹீமோகுளோபின் திசுக்களில் ஆக்சிஜனை இறக்கிவிட்டு உருமாறும்போது, பக்கத்து மூலக்கூறில் இதற்குப் பொருந்தும் ஒரு குழி திறக்கிறது. வேலின் அதற்குள் செருகிக்கொள்கிறது. இப்படி ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாளாக வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. அதுவே தாங்க முடியாத வலியாகவும் உறுப்புச் சேதமாகவும் வெளிப்படுகிறது. மின்சுமை மாற்றம், இந்தப் புரதத்தை அடையாளம் காட்டும் தடயம்.

நீலகிரியிலிருந்து ஆய்வகம் வரை

இந்தத் தடயம் தமிழ்நாட்டுக்கும் தேவையானது. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள் செல் பண்பு இருப்பதைப் பிரிட்டனின் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருளர், பணியர், குறும்பர் ஆகிய சமூகங்களில் இன்றும் இதற்கான பரிசோதனை நடக்கிறது. நாடு முழுவதும் பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்குடன் 2023 ஜூலையில் தேசிய அளவில் ஓர் இயக்கமும் தொடங்கப்பட்டது.

ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யப்படும் எலக்ட்ரோபோரசிஸ் சோதனையில் பி.எச். 8.6 அளவுள்ள கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் காரத்தன்மையில் எல்லா வகை ஹீமோகுளோபினும் எதிர்மின்சுமை பெற்று நேர்முனையை நோக்கியே ஓடும். ஆரோக்கியமானது முன்னால் போகும். இரண்டு சுமை குறைந்த அரிவாள் வகை பின்தங்கும். நான்கு சுமை மாறிய சி வகை இன்னும் பின்னால் நிற்கும். பட்டையில் சாயம் ஏற்றியதும் தனித்தனிக் கோடுகள் தெரியும்.

இங்கே பி.எச். அளவு பிசகினால் எல்லாம் பிசகும். மின்சாரம் பாயும்போது எதிர்முனையருகே கரைசல் காரமாகவும் நேர்முனையருகே அமிலமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் தாங்கல் கரைசல். அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அதன் தாங்கும் சக்தி தீர்ந்து, கோடுகள் கலங்கித் தெரியும், இடைவெளி சுருங்கும். இதைக் கண்டுகொள்ள, எந்தெந்த வகை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரியை அதே பட்டையில் பக்கத்திலேயே ஓடவிடுவார்கள். அதன் கோடுகள் சரியாகப் பிரியவில்லை என்றால், அந்தப் பட்டையில் வந்த எந்த முடிவையும் எழுதக் கூடாது.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மின்சாரத்துக்குச் சுமைதான் தெரியும். அமினோ அமிலத்தின் பெயர் தெரியாது. பஞ்சாப் பகுதியில் காணப்படும் ஹீமோகுளோபின்-டி வகையில், பீட்டா சங்கிலியின் 121-ஆவது இடத்துக் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் சுமையற்ற குளூட்டமின் இருக்கிறது. இடம் வேறு, அமினோ அமிலம் வேறு, குறையும் சுமை மட்டும் ஒன்றே. அதனால் பி.எச். 8.6-இல் அது அரிவாள் வகையின் கோட்டிலேயே போய் நிற்கும். அதை வைத்து ஒருவருக்கு அரிவாள் செல் பண்பு என்று எழுதிவிட்டால் அது தவறு.

இந்த ஐயத்தைத் தீர்க்க, அதே ரத்தத்தைப் பி.எச். 6.2-ஐ ஒட்டிய சிட்ரேட் அகார் கூழில் மறுபடி ஓட்டுவார்கள். அங்கே சுமையோடு அகார் கூழுடன் ஏற்படும் ஒட்டுறவும் சேர்ந்து வேலை செய்கிறது. டி வகை ஆரோக்கியமான ஹீமோகுளோபினோடு சேர்ந்துவிடும். அரிவாள் வகை தனியே பிரியும். கரைதிறன் சோதனையும் உதவும். ஆக்சிஜனை நீக்கும் வேதிப்பொருள் சேர்த்த கரைசலில் அரிவாள் வகை கரையாமல் கலங்கும். குழாய்க்குப் பின்னால் வைத்த தாளின் கோடுகள் மறைந்துபோகும். டி வகையில் அவை தெளிவாகத் தெரியும்.

அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்குக் கொடையாளியின் ஹீமோகுளோபினும் பட்டையில் தெரியும். பிறந்த குழந்தையிடம் கருவில் உருவான ஹீமோகுளோபினே மிகுந்திருப்பதால் அரிவாள் கோடு மங்கலாக இருக்கும். இத்தகைய நிலைகளில் பட்டையை மட்டும் பார்த்து முடிவு சொல்லாமல், மற்ற சோதனைகளோடு சேர்த்தோ சில மாதங்கள் கழித்தோ மறுபடி பார்ப்பார்கள்.

பண்பை மட்டும் சுமப்பவரின் பட்டையில் இரண்டு கோடுகள் விழும். ஆரோக்கியமான கோடு சற்று அடர்த்தியாகவும், பின்தங்கிய கோடு அதைவிட மெலிதாகவும் இருக்கும். அவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. பரிசோதித்தால் ஒழிய அவருக்கே தெரியாது. ஆனால் கணவன் மனைவி இருவர் பட்டையிலும் அந்த இரண்டு கோடுகள் இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரிவாள் செல் சோகை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தையின் பட்டையில் முன்னால் ஓடும் கோடு இருக்காது.